ஒப்பிடுவதற்கு ஒரு வரிசை

இரண்டு தடவை கேட்டாயிற்று. இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை போய் நிற்க ஒரு முகம் வேண்டும், அந்த முகம் சின்னவளுக்கு இல்லை. ஆனால் வேறு போக்கிடமும் இல்லை. விற்பனை இலக்கை மூன்றில் ஒரு பங்கு ஏற்றிவிட்டு, விளம்பரப் பணத்தை மட்டும் போன வருஷத்து அளவிலேயே கட்டிப்போட்டு வைத்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? தெருவில் நின்று கூவுவாளா?

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். ஆபீஸில் அவள் மார்க்கெட்டிங் மேனேஜர். தையல் மிஷின் செய்து விற்கிற கம்பெனி. பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாது, சின்னது என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். முதல் மாடியில் வரிசையாக மேஜைகள், மூலையில் ஒரு கண்ணாடி அறை. அதில்தான் ஃபைனான்ஸ் ஹெட் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல மனுஷர்தான். யாரையும் அதட்டிப் பேசினதில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் அதில் எதை வெட்டலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு தடவையும் அவள் நேர்மையாகத்தான் எழுதினாள். அந்த நேர்மைதான் காலை வாரிவிட்டது என்று அவளுக்கு எண்ணம். விஷயம் இதுதான். இணையத்தில் தேடுகிறவர்களில் இரண்டு வகை. 'நல்ல தையல் மிஷின் எது' என்று பொதுவாகத் தேடுகிறவன் ஒரு வகை. கம்பெனியின் பெயரையே அடித்துத் தேடுகிறவன் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் பட்டியலின் தலையில் கம்பெனியின் விளம்பரம் வரும், அதைத் தொட்டால் கம்பெனி காசு கட்டும். பொதுவாகத் தேடுகிறவனை ஒரு மிஷின் வாங்க வைக்க இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் செலவாகும். பெயரை அடிக்கிறவனுக்கு வெறும் முந்நூறு. ஏனென்றால் அவன் ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்துவிட்டு வருகிறவன். வாசலுக்கு வந்தவனிடம் கதவைத் திறந்துவிட்டதற்கு நாம் கட்டுகிற கூலிதான் அந்த முந்நூறு. அதையும் கட்டாவிட்டால் போட்டிக் கம்பெனிக்காரன் நம் பெயருக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்வான்.

இதை இரண்டு வரிசையாகப் பிரித்துக் காட்டினாள். ஒரு மிஷினில் நிற்கிற லாபம் நாலாயிரம் என்று தெரிந்த கத்திரி, "இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்து ஆள் பிடிக்கிறதுக்கு இன்னும் பணமா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்று பதில் அனுப்பினார். இரண்டாம் தடவை அவர் எதுவும் கேட்கவும் இல்லை, நேராக இல்லை என்றே வந்தது.

மூன்றாம் தடவை சின்னவள் அந்த இரண்டு வரிசையையும் ஒன்றாக்கினாள்.

பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. எல்லாமே தேடல் விளம்பரம்தானே. மொத்தச் செலவை மொத்த ஆர்டரால் வகுத்தால் ஒரு மிஷினுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது வருகிறது, வந்ததை எழுதினாள். முக்கால்வாசி ஆர்டர் பெயரை அடித்து வந்தவர்களுடையது என்பதை எழுதவில்லை. காலாண்டுக்கு நாற்பது லட்சத்தை ஐம்பத்திரண்டாக்கக் கேட்டாள். கூடுதல் பன்னிரண்டு லட்சமும் தேடலுக்கே போகும், இந்தக் கணக்கில் ஆயிரத்து இருநூற்றுக்கு மேல் புது ஆர்டர் வரும் என்று போட்டாள். உண்மையில் பணத்தைக் கூட்டினால் பொதுத் தேடல்தான் கூடும். நாம் காசு போட்டோம் என்பதற்காக நம் பெயரை அடிக்கிறவர்கள் திடீரென்று முளைத்துவிட மாட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் நானூறு ஆர்டர் தேறும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பட்டியலில் முதல் வரிசை தேடல். இரண்டாவது வரிசை வீடியோ விளம்பரம், ஒரு ஆர்டருக்கு இரண்டாயிரத்து அறுநூறு. பார்த்தாள். தேடலின் தொள்ளாயிரத்து ஐம்பது பளிச்சென்று தெரிய, பக்கத்தில் இன்னும் கனமான எண் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. கடைகளில் மிஷினைப் போட்டு ஓட்டிக்காட்டுகிற செயல்விளக்க மேஜைகளின் கணக்கு சேல்ஸ் கோப்பில் கிடந்தது. கடையிலேயே பில் போட்ட மிஷின்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு மூவாயிரத்து நூறு. அதை எடுத்து மூன்றாவது வரிசையாகப் போட்டாள். அடியில், 'ஒப்பீட்டுக்காக மட்டும்'.

அந்த மேஜைகளில் ஒன்றில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

நினைப்பு வராமல் இல்லை. வந்தது, விசைப்பலகையில் கை ஒரு கணம் நின்றது. 'அது சேல்ஸ் பட்ஜெட், அதை யார் தொடப்போகிறார்கள்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அனுப்பு என்பதை அழுத்திவிட்டாள்.

கத்திரி மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய குறிப்பு அச்செடுத்துக் கிடந்தது.

"உட்காருங்கம்மா. ஒரே ஒரு சந்தேகம். முன்னாடி பேர் போட்டுத் தேடுறவங்களைத் தனியா காட்டியிருந்தீங்க. இப்ப எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டிருக்கீங்க."

"சுருக்கமா இருக்கட்டும்னு சார்."

"சரி. புதுசா கேக்கிற பணமும் இந்தத் தொள்ளாயிரத்து ஐம்பது கணக்குலதான் ஆர்டர் கொண்டுவருமா?"

இதுதான் கேள்வி. மனுஷர் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார். இல்லை சார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இலக்கு எங்கே இலக்கு எங்கே என்று வாங்கிக் கட்டிக்கொண்டது கண் முன்னால் வந்தது.

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

அவர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரி. மத்தவங்க பட்டியலை நான் திருப்பிக் கூட்டிப் பார்ப்பேன். உங்களுதைப் பார்க்கிறதில்லை."

பாராட்டுக்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

அந்த வாரமே ஒப்புதல் வந்தது. ஐம்பத்திரண்டு லட்சம், முழுசாக. அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்கள் கைதட்டினார்கள். அவள் கடிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் இருந்தது விஷயம். 'நிறுவனத்தின் மொத்தச் செலவில் மாற்றம் இல்லை. தங்கள் பட்டியலின் மூன்றாவது வரிசையின்படி, ஒரு ஆர்டருக்கு அதிகம் செலவாகும் செயல்விளக்க மேஜைகள் இந்தக் காலாண்டோடு நிறுத்தப்பட்டு, அத்தொகை தேடல் விளம்பரத்துக்கு மாற்றப்படுகிறது.'

நியாயம்தான். புதுப் பணம் எந்தக் கம்பெனியிலும் மரத்தில் காய்ப்பதில்லை. இருக்கிற பணத்தைத்தான் இங்கிருந்து அங்கே நகர்த்துவார்கள். எங்கிருந்து எடுக்கலாம் என்று கத்திரி தேடிக்கொண்டே இருக்கவேண்டிய அவசியமில்லாமல், எடுக்கவேண்டிய இடத்தைப் பட்டியல் போட்டு, கோடு கிழித்து, அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள் மகராசி.

அக்காவுக்கு ஃபோன் போட இரண்டு நாள் தைரியம் வரவில்லை. போட்டபோது அக்காவே முந்திக்கொண்டாள். "என்னடி, உன் பட்ஜெட் பாஸாயிடுச்சாமே. சூப்பர்வைசர் சொன்னாரு. ரொம்ப சந்தோஷம் போ. எத்தனை மாசமா அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்த."

"உனக்கு... ஏதாவது சொன்னாங்களாக்கா?"

"சொன்னாங்க, சொன்னாங்க. நேர்ல வா, சொல்றேன்."

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனாள். மூன்று மாடிக் கடை. வீட்டுச் சாமான்கள் இருக்கிற தளத்தில், மாவரைக்கிற மிஷின்களுக்கும் துணி துவைக்கிற மிஷின்களுக்கும் நடுவில் அக்காவின் மேஜை. அத்தான் போன பிறகு நாலு சுவருக்குள் சுருண்டு கிடந்தவளை இந்த மேஜைதான் எழுப்பி உட்கார வைத்தது. வாடகை இதிலிருந்துதான். ஆனால் வாடகை மட்டுமில்லை. பேச ஆள் கிடைத்தது. பேசுகிறதில் அக்காவை அடிக்க ஆள் கிடையாது.

அப்போதும் ஒரு தம்பதி அகப்பட்டிருந்தார்கள். அக்கா ஒரு பழைய ஜீன்ஸ் துண்டை மடித்து மடித்துக் கனமாக்கி ஊசிக்கடியில் விட்டாள். மிஷின் முக்காமல் முனகாமல் தைத்துவிட்டது.

"பாத்தீங்களா? இந்தக் கனத்தையே தெச்சிருச்சு. உங்க வீட்டு ஜன்னல் திரையெல்லாம் இதுக்குத் தூசி. நூல் கோக்கத் தெரியலைன்னு பயப்படாதீங்க. சாரை உட்கார வைங்க, அவரே கோத்துருவாரு. உட்காருங்க சார், சும்மா நிக்கிறதுக்கு."

அந்த மனுஷர் வெட்கத்தோடு உட்கார்ந்து நூலைக் கோத்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றார்கள். எல்லாரும் சொல்கிறதுதான்.

"தாராளமா. வீட்டுக்குப் போய் ஃபோன்லயே வாங்கிக்கலாம், கொண்டாந்து இறக்கிடுவாங்க. பேரை மட்டும் மறந்துராதீங்க. இருங்க, இப்பவே அடிச்சு வெச்சுக்கோங்க, நான் சொல்றேன்." அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அந்தம்மா ஃபோனில் அடித்தாள். பட்டியல் வந்தது. "முதல்ல வருதுல்ல, அதைத் தொடுங்க. அதுதான் நம்ம கம்பெனி."

அந்தம்மா தொட்டாள்.

சின்னவள் துணி துவைக்கிற மிஷின்களின் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தாள். அந்தத் தொடுதல் இப்போது எங்கே போய் ஏறியிருக்கும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் போய் அவர்கள் மிஷின் வாங்கினால் அது விளம்பரத்தின் ஆர்டர். முந்நூறு செலவில் வந்த ஆர்டர். அக்காவின் கணக்கில் பூஜ்யம். முதல் வரிசையை அத்தனை அழகாகக் காட்டினது யார் என்று தேடிக்கொண்டு எங்கேயும் போகவேண்டியதில்லை, இதோ எதிரே உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். பெயரை அடித்து வருகிறவர்கள் எங்கிருந்துதான் வருகிறார்கள் என்று அத்தனை நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசித்திருக்கக் கூடாதா? படிப்பு, பதவி, கண்ணாடி அறையில் கூட்டம், எல்லாம் இருந்தது. அது மட்டும் தோன்றவில்லை. அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"வந்துட்டியா? ஏன் அங்கேயே நிக்கிற, விலை விசாரிக்கிறியா?" என்று அக்கா கூப்பிட்டாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "இந்த மாசக் கடைசியோட முடிஞ்சது. எல்லா மேஜையையும் எடுக்கிறாங்களாம். என்னவோ கணக்கு பாத்திருக்காங்க. நான் ஒரு மிஷின் வித்தா கம்பெனிக்கு மூவாயிரம் செலவாகுதாம். ஏண்டி, நான் அவ்வளவா சாப்பிடுறேன்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு மிஷின் உறையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வேற எங்கேயாவது பாத்துக்கலாம். இந்த வயசுல யாரு எடுப்பாங்கன்னு தெரியல. பாத்துக்கலாம்."

சின்னவள் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. கடையிலிருந்து நேராக ஆபீஸுக்குப் போனாள், நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வரிசையை ஒன்றாக்கியதை, பெயரை அடித்து வருகிறவர்கள் முக்கால்வாசி என்பதை, அவர்களில் எத்தனையோ பேர் கடை மேஜையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்பதை. மேஜை இல்லாத ஊர்களிலும் மேஜை இருக்கிற ஊர்களிலும் பெயர்த் தேடலை ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், நானே எடுத்துத் தருகிறேன் என்றாள். அந்த மூவாயிரத்து நூறு தப்பான எண். தொள்ளாயிரத்து ஐம்பதும் தப்பான எண். பணம் வேண்டாம், மேஜைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கத்திரி குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்மா."

"ஆமா சார்."

"இதே நாற்காலியில உட்காந்திருந்தீங்க. கேட்டேன்."

"ஆமா சார்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "கடைக்காரங்களுக்கு இடத்தை விடுறோம்னு எழுதிக் கொடுத்தாச்சு. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் காத்துக்கிட்டு இருந்தான். அடுப்புக் கம்பெனிக்காரன், வருஷக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். உங்க பன்னிரண்டு லட்சத்தை நான் ஒரு மெயில்ல திருப்பி எடுத்துருவேன். இடத்தை எப்படித் திருப்பி வாங்குவேன்? பதினோரு பேருக்கு லெட்டர் போயிடுச்சு."

"அதுல ஒருத்தங்க என் அக்கா சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நம்ப முடியாமல் பார்த்தார். "தெரிஞ்சா போட்டீங்க?"

அவள் மேஜைமேல் இருந்த அவருடைய கண்ணாடியையே பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. புதுக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார், இரண்டு வரிசையாக. இனிமேல் உங்களுடையதையும் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

பன்னிரண்டு லட்சம் திரும்பிப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் முதலாளி என்ன பேசினார் என்பதை எழுதி என்ன ஆகப்போகிறது. வேலை போகவில்லை. போயிருந்தால் கூட அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த சாமான்களைக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தாள். ஊசிப் பெட்டி, ஜீன்ஸ் துண்டுகள், எண்ணெய்ப் புட்டி, முதுகுக்கு வைத்துக்கொள்கிற சின்னத் தலையணை. கடைக்காரப் பெண்கள் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உட்காரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். கத்திரியிடம் சொன்னது கணக்கு, அதனால் கோர்வையாக வந்தது. இங்கே வரவில்லை. குறிப்பு என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, தன் எண் சின்னதாகத் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பெரிய எண்ணைக் கொண்டுவந்து வைத்தது என்றால் என்ன, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. பாதியில் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். இருந்திருக்கவே வேண்டாத வரிசை அது, அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதையும் சொன்னாள்.

அக்கா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை குறுக்கே விழுகிறவள் இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"அழாத. முகத்தைக் கழுவு போ," என்றாள் கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்தப் பட்டியல்ல எங்க பேரெல்லாம் இருந்துச்சா?"

"இல்லக்கா. பேர் எதுவும் இல்ல. செயல்விளக்கம்னு மட்டும்தான் இருந்துச்சு. பக்கத்துல எண்."

"அதான் பாத்தேன்." அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு அது ஏதோ பிடிமானம் கிடைத்த மாதிரி இருந்தது. தங்கையின் பக்கம் திரும்பினாள். "என் பேர் இருந்திருந்தா நீ அதை எழுதியிருக்க மாட்ட. இல்லையாடி?"

சின்னவள் வாயைத் திறந்தாள். எழுதும்போது கை நின்ற அந்த ஒரு கணம்தான் நினைவுக்கு வந்தது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.